கையடக்க விளையாட்டுக் கருவிகள்: எந்தத் துணைப்பொருளுக்குப் பணம் போடலாம்?

வியாபாரப் பெருமக்களில் பலர் இன்று மளிகைக் கடையின் ஒரு ஓரத்தில் மொபைல் சாமான்களுக்கென்று ஒரு சிறு கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிறோம். சார்ஜர், இயர்போன், டெம்பர் கிளாஸ் என்று அது தினமும் நாலு காசு தருகிறது. அந்தப் பெட்டியின் முன்னால் வந்து, "நிண்டெண்டோ ஸ்விட்சுக்கு கிளாஸ் இருக்கிறதா? ஸ்டீம் டெக்குக்குப் பை இருக்கிறதா? டிவியில் மாட்டுகிற டாக் இருக்கிறதா?" என்று கேட்கும் பிள்ளைகளும் பெற்றோரும் இப்போது உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த உறவினர் கொடுத்த கருவியாக இருக்கும். கைமாறி வாங்கிய பழைய கருவியாகவும் இருக்கும். பெட்டியோ குறிப்புப் புத்தகமோ அவர்களிடம் இருப்பது அபூர்வம்.

கேட்கிறார்களே என்று நாமும் மொத்த வியாபாரியிடம் கொஞ்சம் சரக்கு எடுத்து வைக்கிறோம். எது ஓடும், எது தேங்கும், எது திரும்பி வரும் என்று தெரியாமல் எடுப்பதில்தான் நஷ்டம் தொடங்குகிறது. இந்த மூன்று பொருள்களையும், அதாவது டாக், பை, கிளாஸ் ஆகியவற்றை, இந்த இதழில் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

ஓர் உறுப்பினரின் கணக்கு

நம் உறுப்பினர் ஒருவர் தம் கணக்கு நோட்டை நம்மிடம் காட்டினார். அவர் முதன்முறையாக 25,000 ரூபாய்க்கு இந்தச் சரக்கு எடுத்தார். டாக் 10, ஒன்று 1,800 வீதம் 18,000 ரூபாய். பை 12, ஒன்று 350 வீதம் 4,200 ரூபாய். டெம்பர் கிளாஸ் 40, ஒன்று 70 வீதம் 2,800 ரூபாய். விலை அதிகமான சரக்கில்தானே லாபம் அதிகம் என்று நினைத்து டாக்கில் கூடுதலாக முதல் போட்டார்.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது, 12 பைகளில் 11 விற்றிருந்தன. 600 ரூபாய்க்குக் கொடுத்ததில் பைக்கு 250 வீதம் 2,750 ரூபாய் லாபம். கிளாஸ் 13 விற்றது. ஒட்டிக் கொடுத்து 200 ரூபாய் வாங்கினார். ஒட்டும்போது வீணான இரண்டையும் கழித்தால் 1,550 ரூபாய் லாபம். ஆனால் மீதி 25 கிளாஸ் அப்படியே கிடந்தன. டாக்கைப் பொறுத்தவரை, 2,400 ரூபாய்க்கு நான்கு விற்றன. மூன்று திரும்பி வந்தன. நிலைத்தது ஒன்று, லாபம் 600 ரூபாய். ஒன்பது டாக்குகள், அதாவது 16,200 ரூபாய் முதல், அலமாரியில் முடங்கிக் கிடக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், பையிலும் கிளாஸிலும் போட்ட 7,000 ரூபாய் 4,300 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்தது. டாக்கில் போட்ட 18,000 ரூபாய் 600 ரூபாய்தான் கொடுத்தது. திரும்பி வந்த மூன்று டாக்கும் பழுதானவை அல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. எல்லாம் நல்ல சரக்கே. பின் ஏன் திரும்பின? கிளாஸ் ஏன் தேங்கின? ஒரே காரணம்தான். "உங்களிடம் இருப்பது எந்தக் கருவி?" என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை.

முதலில் கருவியை அடையாளம் காண்போம்

"ஸ்விட்ச்" என்று வாடிக்கையாளர் ஒரே பெயரைச் சொன்னாலும் அதில் நான்கு வகை உண்டு. 2017 மார்ச்சில் வந்த முதல் கருவிக்குத் திரை 6.2 அங்குலம். 2019 செப்டம்பரில் வந்த லைட் என்பது சிறியது, திரை 5.5 அங்குலம். 2021 அக்டோபரில் வந்த ஓலெட் வகைக்கு 7 அங்குலம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 கருவிக்கு 7.9 அங்குலம்.

பெட்டி இல்லாவிட்டாலும் கையில் வாங்கிப் பார்த்தால் கண்டுகொள்ளலாம். இரு பக்கத்துக் கைப்பிடிகளும் கழற்ற வராமல் உடலோடு ஒன்றாக இருந்தால் அது லைட். கைப்பிடி கழன்று வந்து, பின்புறத்தில் ஓர் ஓரமாகக் குச்சி போல மெல்லிய தாங்கி இருந்தால் அது முதல் வகை. தாங்கி பின்புறத்தின் முழு அகலத்துக்கும் இருந்து, கைப்பிடி தண்டவாளத்தில் சறுக்கிக் கழன்றால் ஓலெட். கைப்பிடி காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்விட்ச் 2. ஐயம் வந்தால் உடலில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கலாம். முதல் வகைக்கு HAC-001, லைட்டுக்கு HDH-001, ஓலெட்டுக்கு HEG-001, ஸ்விட்ச் 2க்கு BEE-001 என்று தொடங்கும்.

ஸ்டீம் டெக் என்பது வேறு நிறுவனத்தின் கருவி. 2022இல் வந்தது 7 அங்குலம். 2023 நவம்பரில் வந்த ஓலெட் வகை 7.4 அங்குலம். ஸ்விட்ச் ஓலெட்டும் 7, இதுவும் 7 என்று ஒரே கிளாஸை இரண்டுக்கும் கொடுக்கக் கூடாது. அளவும் ஓர வளைவும் வேறு.

நம் நண்பர் எடுத்த 40 கிளாஸும் 6.2 அங்குலம். கேட்டு வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வேறு கருவி வைத்திருந்தார்கள். ஒரே அளவில் 40 எடுப்பதற்குப் பதில் அளவுக்குப் பத்தாக எடுத்திருந்தால் அதே முதலில் சரக்கு நகர்ந்திருக்கும்.

கிளாஸ்: யாருக்கு அவசியம், யாருக்கு வேண்டாம்

முதல் ஸ்விட்சுக்கும் லைட்டுக்கும் திரையின் மேல்பரப்பு கண்ணாடி அன்று, பிளாஸ்டிக். மொபைல் திரையைப் போல அது தாங்காது. சாவி, மணல், சட்டைப் பொத்தான் எது பட்டாலும் கீறல் விழும். முதல் வகையை டாக்கில் கோணலாக நுழைத்தாலே ஓரத்தில் கோடு விழுவதுண்டு. இந்த இரண்டு கருவிக்காரர்களுக்கும் கிளாஸ் அவசியம். தயங்காமல் சொல்லி விற்கலாம்.

ஓலெட் வகைக்கும் ஸ்விட்ச் 2க்கும் மேற்பரப்பு கண்ணாடிதான். அந்தக் கண்ணாடியின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைத் தொழிற்சாலையிலேயே ஒட்டியிருக்கிறார்கள். கண்ணாடி உடைந்தால் துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்வதற்கானது அது. அதை உரிக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரித்திருக்கிறார். இங்கேதான் நம் கடைகளில் தவறு நேரும். மொபைலுக்குக் கிளாஸ் ஒட்டிப் பழகிய பையன், பழைய படலத்தை உரித்துவிட்டுத்தான் புதிதை ஒட்டுவான். கை அப்படியே பழகிவிட்டது. இந்தக் கருவிகளின் மூலையில் நகத்தால் நெருடினால் படலத்தின் ஓரம் தட்டுப்படும். பழைய கார்டு என்றுதான் தோன்றும். உரித்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது. வாடிக்கையாளரின் விலை உயர்ந்த கருவியில் நாம் கைவைத்த பழி நமக்கு வரும். கிளாஸை அந்தப் படலத்தின் மேலேயே ஒட்ட வேண்டும். கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இதை ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது.

ஸ்டீம் டெக்கில் விலை கூடிய வகைக்குத் திரைக் கண்ணாடியையே சற்றுச் சொரசொரப்பாகப் பதப்படுத்தியிருக்கிறார்கள். விளக்கொளியும் ஜன்னல் வெளிச்சமும் அதில் பளிச்சென்று பிரதிபலிக்காது. 2022 வரிசையில் 512 ஜிபி வகையும், 2023 ஓலெட் வரிசையில் 1 டிபி வகையும் இப்படிப்பட்டவை. இதன்மேல் சாதாரணப் பளபளப்புக் கிளாஸை ஒட்டினால், எந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுத்தாரோ அது போய்விடும். அப்படிப்பட்டவரிடம், "உங்களுக்குக் கிளாஸ் வேண்டாம், நல்ல பை போதும்" என்று சொல்வதே நேர்மை. இருநூறு ரூபாய் போனாலும் அவர் மறுபடி வருவார்.

இனி விலை விஷயம். கிளாஸ் அட்டையில் "9H" என்று பெரிதாகப் போட்டு, சாதாரணமானதைவிட மூன்று மடங்கு விலை சொல்வார்கள். மொத்த வியாபாரியின் ஆள் நம் முன்னாலேயே சாவியால் கீறிக் காட்டுவார், கோடு விழாது. இதில் மயங்க வேண்டியதில்லை. 9H என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில் அது. அதற்கும் வைரத்தின் கடினத்துக்கும் சம்பந்தம் இல்லை. சாவி பெரும்பாலும் பித்தளை. அது கண்ணாடியைவிட மெதுவானது. எந்தச் சாதாரணக் கண்ணாடியிலும் அது கோடு போடாது. கண்ணாடியைக் கீறுவது மணல். ஆற்று மணலில் உள்ள படிகக் கல் கண்ணாடியைவிடக் கடினமானது. அதற்கு எந்த விலைக் கிளாஸும் தப்பாது. கிளாஸின் வேலை கீறல்படாமல் இருப்பதன்று. திரைக்குப் பதிலாகத் தான் கீறல் வாங்கிக்கொள்வதே. ஆகவே இதில் உயர்ந்த விலை கொடுக்க அவசியமில்லை. அளவு சரியாக இருக்கிறதா, ஓரம் வழித்து மழுக்கியிருக்கிறதா, டாக்கில் இடிக்காத அளவுக்கு மெல்லியதாக இருக்கிறதா என்று மூன்றை மட்டும் பார்த்து வாங்கினால் போதும். டப்பியில் வரும் திரவத்தைத் தடவினால் திரை உறுதியாகும் என்று விற்கிறார்களே, அதை வாங்கவே வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் கடையில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். கை கழுவி, சாராயத் துடைப்பானால் திரையைத் துடைத்து, உலர்ந்த மெல்லிய துணியால் ஈரம் எடுத்து, ஒட்டும் தாளால் தூசியைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். பிறகு கிளாஸை ஓரம் பார்த்துப் பொருத்தி, நடுவில் ஒரு விரலால் அழுத்திவிட்டால் அதுவாகப் பரவும். காற்றுக் குமிழ் ஓரத்துக்குத் தள்ளினால் போய்விடும். தள்ளியும் நகராமல் ஒரு புள்ளி மட்டும் நின்றால் அது குமிழ் அன்று, தூசி. உடனே ஒரு மூலையைத் தூக்கி, ஒட்டும் தாளால் அந்தத் தூசியை எடுத்துவிட வேண்டும். மளிகைக் கடையில் மாவுத் தூசி எப்போதும் பறக்கும். நம் நண்பருக்கு வீணான இரண்டும் அப்படித்தான் போயின.

பை: கொடுக்கிற காசுக்கு உழைக்கிற பொருள்

இந்த மூன்றில் வாடிக்கையாளர் பணத்துக்கு முழு மதிப்புத் தருவது பைதான். கருவி கெடுவது பெரும்பாலும் பயணத்தில்தான். புத்தகப் பையில் டிபன் டப்பாவோடு கிடக்கும்போது திரை கீறும். அதைவிட முக்கியமாக, கட்டைவிரலால் அசைக்கிற அந்த இரண்டு குமிழ்களும் ஒரு பக்கமாக நசுங்கும். குமிழ் பழுதானால் செலவு கிளாஸ் விலையில் முடியாது.

நல்ல பையை நாம் கடையிலேயே சோதிக்கலாம். முதலில் மூடியின் நடுவே உள்ளங்கையால் அழுத்த வேண்டும். துணிப் பைபோல உள்ளே போனால் அது வேண்டாம். கெட்டி நுரையால் வார்த்த ஓடாக இருக்க வேண்டும். அடுத்து, கருவியை உள்ளே வைத்து மூடி, மெதுவாகக் குலுக்க வேண்டும். உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டால் அளவு பொருந்தவில்லை. பிறகு திறந்து, குமிழ்களுக்கு மேலே மூடியில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளம் இல்லாத பை மூடும்போதெல்லாம் குமிழை அழுத்திக்கொண்டே இருக்கும். கடைசியாக, விளையாட்டு அட்டைகளை வைக்கிற பகுதிக்கும் திரைக்கும் நடுவே ஒரு மடிப்புத் துணி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அட்டையின் பிளாஸ்டிக் முனை திரையில் உரசும்.

சார்ஜரையும் அதே பையில் திணிக்கலாமா என்று கேட்பார்கள். தனி அறை இருந்தால் சரி. இல்லாவிட்டால் திணிக்கக் கூடாது. விளையாடி முடித்த சூட்டோடு மூடி வைக்கக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்பலாம்.

ஸ்டீம் டெக்கோடு தயாரிப்பாளரே ஒரு நல்ல பையைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறார். அதைக் கேட்காமல் நாம் ஒன்று விற்றுவிட்டால் மறுநாள் திரும்பி வரும். ஸ்விட்ச் வகைகளின் சாதாரணப் பெட்டியில் பை கிடையாது. அவைதான் நம் வியாபாரம்.

கருவியின் மேலேயே எப்போதும் மாட்டி வைக்கிற ரப்பர் உறையும் உண்டு. அதைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மேல் விளிம்பில் சூடான காற்று வெளிவரும் துளைகளை அது மூடக் கூடாது. அதை மாட்டிக்கொண்டு டாக்கில் நுழைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும்.

டாக்: முன்பணம் வாங்கிய பிறகே கொள்முதல்

டாக் என்பது கருவியை டிவியோடு இணைக்கிற பெட்டி. அதற்குள் ஏதோ சக்தி இருக்கிறது, அதனால்தான் டிவியில் படம் நன்றாக வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கருவியிலிருந்து வரும் படத்தை எச்டிஎம்ஐ கம்பிக்கு மாற்றிக் கொடுப்பதும், மின்சாரத்தைக் கருவிக்குக் கடத்துவதும்தான் அதன் வேலை. டாக்கில் வைத்ததும் கருவி தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது.

திரும்பி வந்த மூன்று டாக்குகளில் ஒன்றை வாங்கியவரிடம் இருந்தது லைட். லைட் கருவிக்கு டிவியில் படம் கொடுக்கும் வசதியே கிடையாது. எந்த டாக்கை வாங்கினாலும் பயனில்லை. மற்ற இருவரிடமும் சரியான கருவிதான் இருந்தது. ஆனால் உறவினர் சார்ஜரைக் கொடுக்காததால் மொபைல் சார்ஜரைச் சொருகியிருந்தார்கள். கையில் வைத்து விளையாடும்போது அது மெதுவாகச் சார்ஜ் ஏற்றும். டிவியில் படம் வரவேண்டுமானால் முதல் வகைக்கும் ஓலெட்டுக்கும் 15 வோல்ட், 2.6 ஆம்பியர் தருகிற சார்ஜர் வேண்டும். கூடவே வரும் சார்ஜரின் மேல் இதை அச்சிட்டிருப்பார்கள். அது இல்லாமல் படம் வராது. டாக் கெட்டுவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். நம் நண்பரும் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டார். ஸ்விட்ச் 2க்கு அதன் சொந்த 60 வாட் சார்ஜர் வேண்டும். அதற்குப் பழைய ஸ்விட்சின் டாக்கும் ஆகாது.

வெளிநாட்டுச் சார்ஜர் நம் ஊர் மின்சாரத்துக்குத் தாங்குமா என்றும் கேட்பார்கள். நிண்டெண்டோ சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். முள் வடிவம் மாற்றும் சாதாரணப் பிளக் போதும். அதை நாம் வைத்திருந்தால் அதுவும் விற்கும்.

மலிவான டாக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2018 மார்ச்சில் ஸ்விட்சின் உள்மென்பொருள் 5.0 பதிப்புக்கு மாறியபோது, உரிமம் பெறாத சில டாக்குகளில் வைத்த கருவிகள் அடியோடு செயலிழந்ததாகப் பல நாடுகளிலிருந்தும் புகார்கள் வந்தன. உரிமம் இல்லாத துணைப்பொருள்களைத் தாங்கள் சோதிப்பதில்லை என்று தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டார். காரணம் மின்சாரப் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. கருவியும் டாக்கும் எத்தனை வோல்ட் என்று தங்களுக்குள் கேட்டு ஒத்துக்கொண்ட பிறகே மின்சாரம் பாய வேண்டும். மலிவு டாக்கில் அந்த ஏற்பாடு ஒழுங்காக இல்லாவிட்டால் பாதிக்கப்படுவது கருவி. கிளாஸ் மட்டமாக இருந்தால் 70 ரூபாய் போகும்; டாக் மட்டமாக இருந்தால் கருவியே போகும்.

லைட் தவிர மற்ற மூன்று ஸ்விட்ச் வகைக்கும் பெட்டியிலேயே டாக் ஒன்று உண்டு. இரண்டாவது டிவிக்கு வேண்டுமென்பவரும், பெட்டியில்லாமல் வாங்கியவரும்தான் நம்மிடம் வருவார்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு. அவர்களுக்கு அசல் டாக்கையே, பழையதானாலும், வரவழைத்துக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

ஸ்டீம் டெக் இதில் விதிவிலக்கு. அதன் பெட்டியில் டாக் கிடையாது. ஆனால் அது பொது முறைப்படி படம் கொடுக்கிறது. லேப்டாப்புக்கு விற்கிறோமே, எச்டிஎம்ஐ துளையும் சார்ஜ் உள்ளே செல்லும் துளையும் உள்ள நல்ல யூஎஸ்பி-சி ஹப், அதுவே அதற்குப் போதும். 45 வாட் சார்ஜர் அதோடு வருகிறது. ஹப் வைத்திருந்தால் ஸ்டீம் டெக்காரர் வராவிட்டாலும் லேப்டாப்காரர் வாங்குவார், சரக்கு முடங்காது. அந்த ஹப்பை ஸ்விட்சுக்கு மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்த கொள்முதல்

நம் நண்பர் இப்போது டாக்கைக் கையிருப்பில் வைப்பதில்லை. கேட்பவரிடம் கருவியையும் சார்ஜரையும் கொண்டுவரச் சொல்கிறார். எந்த வகை என்று பில்லிலேயே எழுதி, பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைக்கிறார். வந்ததும் கடை டிவியில் போட்டுக் காட்டிவிட்டுத்தான் மீதியை வாங்குகிறார். கிளாஸில் நான்கு ஸ்விட்ச் அளவுக்கும் பத்துப் பத்து, பையில் ஒரு டஜன், லேப்டாப் ஹப் நான்கு, பிளக் மாற்றி ஒரு பெட்டி. முன்பு டாக்கில் மட்டும் போட்ட முதலைவிடக் குறைவாகவே இதற்கு ஆயிற்று. தேங்கிக் கிடந்த ஒன்பது டாக்கில் இரண்டை இந்த முறையிலேயே விற்றுவிட்டார். இரண்டும் திரும்பி வரவில்லை.